நடுநிலையாக்கல் வெப்பம் 59.6 வருகிறது, கப் அளவீட்டில் தப்பா?

நிலா
ரெண்டு தெர்மோகோல் கப்பை ஒன்றுக்குள் ஒன்று வைத்து, மூடி போட்டுச் செய்கிறேன். 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சோடியம் ஹைட்ராக்சைடும் தலா 50 மி.லி. குளிரும் கோட்டைக் கலந்த நொடிவரை பின்னோக்கி நீட்டினால் உயர்வு 6.35 டிகிரி. கப்பை அளக்க, 25.0 டிகிரியில் இருந்த 50 கிராம் தண்ணீரில் 60.0 டிகிரி வெந்நீர் 50 கிராம் ஊற்றினேன். ஏறிய உச்சம் 40.6.

```
209 × (60.0 − 40.6) ÷ (40.6 − 25.0) − 209 = 51 J/K
(418 + 51) × 6.35 ÷ 0.050 = 59.6 kJ/mol
```

56-ஐ ஒட்டி வரவேண்டாமா?

தணல்
வெப்பம் வெளியே போகுது. மூடியில் தெர்மாமீட்டர் ஓட்டையை அடைத்துப் பாருங்க.

பழைய பிப்பெட்
தணல், வெப்பம் போனால் விடை குறையத்தானே செய்யும்? இவங்களுக்குக் கூடி வருது. ஆனா வெப்பம் போன இடம் ஒன்று இருக்கு: வெந்நீர்ச் சோதனை. நிலா, அமிலத்துக்குக் கோட்டை நீட்டினீங்க, வெந்நீருக்கு வெறும் உச்சத்தை எடுத்துட்டீங்க. 40 டிகிரியில் கப் வேகமாக ஆறும். காற்றுக்குப் போன வெப்பத்தையும் கப் உறிஞ்சினதா எழுதிட்டீங்க. அந்தக் கணக்கை, ஏற்கெனவே திருத்தின 6.35-ஓட மறுபடி பெருக்குறீங்க. வெந்நீருக்கும் நேரவாரியா குறிப்பு இருக்கா?

கவின்
எனக்கு அசிட்டிக் அமிலத்தில் குறைவாத்தான் வந்தது. அதுவும் இதே காரணமா?

பழைய பிப்பெட்
இல்லை கவின். அது வலுக்குறைந்த அமிலம். அது பிரிகையடையும் வெப்பமும் கணக்கில் சேரும். தனி இழை போடுங்க.

நிலா
30 நொடிக்கு ஒருமுறை குறித்திருக்கேன். நீட்டினதில் 41.3 வருது. கப்புக்கு 51 இல்லை, 31! விடை 57.0.

தணல்
0.7 டிகிரிக்கு இவ்வளவா! அப்போ ரெண்டு கப் போட்டா கப்பையே கணக்கில் விட்டுடலாம்னு நான் நினைச்சது?

பழைய பிப்பெட்
விட்டா 7 சதவீதம் போயிடும். தெர்மாமீட்டர், கலக்கியெல்லாமும் அந்த 31-ல் சேர்த்திதான். மீதிக்கு, 418 என்பது சுத்தத் தண்ணீருக்கான எண். உங்க கப்பில் இருப்பது அரை மோலார் உப்புக் கரைசல், ஏறக்குறைய 102 கிராம், கிராமுக்கு 4.02 ஜூல். 410 போடுங்க.

நிலா
56.0! முடிஞ்சதா?

பழைய பிப்பெட்
அவசரப்படாதீங்க. 60.0-ஐ எங்கே அளந்தீங்க?

நிலா
பீக்கரில், ஊற்றுவதற்கு முன்னாடி. வேற தெர்மாமீட்டர்.

பழைய பிப்பெட்
ஊற்றும்போது 1 டிகிரி இறங்கியிருந்தால் கப்பின் மதிப்பு 13 குறையும், விடை 54.4-க்குப் போயிடும். ரெண்டு தெர்மாமீட்டரையும் ஒரே தண்ணீரில் வைத்து ஒத்துப் பாருங்க. வெந்நீரை 40 டிகிரிக்குள் வச்சுக்கிட்டா ஊற்றும் இழப்பு குறையும், ஆனா வாசிப்புப் பிழை பெரிசாகும். நான் 45 வைப்பேன், சிலர் ஒத்துக்க மாட்டாங்க.

தணல்
நான் ஒத்துக்கலை, 60-ஏ தேவலை. ஊற்றும்போது ஆறுவதைத் தனியா அளந்து கழிச்சுடலாமே.

நிலா
ரெண்டையும் செய்து பார்த்து எண்களைப் போடுறேன்.