ஒற்றைப் பின் ஹெட்செட், இளஞ்சிவப்பு ஜாக்: மைக் குறையா, இணைப்புக் குறையா?

இளவேனில்:
ஒரே பின் உள்ள ஹெட்செட். போனில் போட்டால் எதிரில் இருப்பவருக்கு நன்றாகக் கேட்கிறது. டெஸ்க்டாப்பின் இளஞ்சிவப்பு ஜாக்கில் போட்டால் குரல் கிணற்றுக்குள் இருந்து வருவது போல இருக்கிறது. Microphone Boost-ஐ +30 dB வரை ஏற்றினேன். குரல் கொஞ்சம் ஏறியது, கூடவே உஷ்ஷென்ற இரைச்சலும் ஏறியது. மைக் போச்சா, சவுண்ட் கார்டு போச்சா?

நள்ளிரவு ஆந்தை:
ரெண்டும் போகல. பூஸ்ட்தான் வில்லன். அதை 0-க்கு இறக்குங்க, ஸ்லைடரை 100-ல வைங்க, இரைச்சல் போயிடும். குரல் கம்மியா இருந்தா ரெக்கார்ட் பண்ணின அப்புறம் எடிட்டர்ல ஏத்திக்கலாம். அதுவும் சரிப்படலைன்னா யூஎஸ்பி சவுண்ட் கார்டுதான். மதர்போர்டு ஆடியோவை நம்பி எந்த வேலையும் ஆகாது.

ஓம்விதி:
போனில் வேலை செய்கிறது என்றால் மைக் உயிரோடுதான் இருக்கிறது. பூஸ்டைத் தொடும் முன் இரண்டு விஷயம் பாருங்கள். பின்னில் எத்தனை கறுப்புக் கோடுகள் இருக்கின்றன? பிறகு ரெக்கார்டிங் மீட்டரை ஓடவிட்டு, மைக் முனையை நகத்தால் மெல்லத் தட்டுங்கள். அடுத்து இடது காதுப்பகுதியின் உட்புறத்தைத் தட்டுங்கள். எங்கே தட்டும்போது மீட்டர் அதிகம் குதிக்கிறது?

இளவேனில்:
கோடு மூன்று. மைக்கில் தட்டினால் லேசாக அசைகிறது. இடது காதுக்குள் தட்டினால் பாதிக்கு மேல் குதிக்கிறது! அதையே வாய்க்கு முன்னால் பிடித்துப் பேசினால் குரல் நன்றாக விழுகிறது. இது எப்படி?

ஓம்விதி:
அப்படியானால் இவ்வளவு நாளும் நீங்கள் ஸ்பீக்கரில்தான் பேசிக்கொண்டிருந்தீர்கள். மூன்று கோடு என்றால் நான்கு இணைப்புள்ள பின். இப்போது வரும் பெரும்பாலான ஹெட்செட்டில் நுனி இடது காதுக்கு, முதல் வளையம் வலது காதுக்கு, இரண்டாம் வளையம் கிரவுண்டுக்கு, அடிப்பகுதி மைக்குக்கு. உங்கள் இளஞ்சிவப்பு ஜாக் மூன்று இணைப்புக்கானது. அது மைக் சிக்னலை நுனியில் தேடும். நுனியில் இருப்பது இடது ஸ்பீக்கர். ஸ்பீக்கரின் கம்பிச் சுருள் காந்தத்துக்கு நடுவே குரலுக்கு அசைந்து மின்சாரம் உண்டாக்கும், ஆனால் அது ஒரு மில்லிவோல்ட்டைக்கூட எட்டாது. அதை +30 dB, அதாவது ஏறக்குறைய 32 மடங்கு பெருக்கும்போது உள்ளீட்டுச் சுற்றின் சொந்த இரைச்சலும் அதே 32 மடங்கு பெருகுகிறது. நீங்கள் கேட்ட உஷ்ஷ் அதுதான்.

நிஜமான மைக்குக்கு வேறொரு தேவையும் உண்டு. ஹெட்செட்டில் இருப்பது எலெக்ட்ரெட் மைக். அதற்குள் சின்ன டிரான்சிஸ்டர் இருக்கிறது. 2, 3 வோல்ட் கிடைத்தால்தான் வேலை செய்யும். மைக் ஜாக் அந்த வோல்ட்டைத் தரும், ஆனால் இங்கே அது தவறான கம்பிக்குப் போகிறது. நீல நிற லைன் இன் ஜாக்கில் அந்த வோல்ட்டே கிடையாது, அங்கே மாற்றிச் செருகியும் பயனில்லை.

கம்பிவலை:
முக்கால்வாசி சரி. ஆனால் மைக்கைத் தட்டியபோதும் மீட்டர் லேசாக அசைந்ததே, அதற்கு என்ன பதில்? ஜாக்கின் கிரவுண்ட் பட்டை பின்னின் அடிப்பகுதியைத் தொட்டால், மின்சாரம் நுனி வழியே ஸ்பீக்கருக்குள் போய், அங்கிருந்து மைக்குக்குள் தலைகீழாக ஓடி கிரவுண்டைச் சேரும். தலைகீழாக ஓடினாலும் மைக் கொஞ்சம் சிக்னல் தரும். இவருக்கு வருவது இரண்டும் கலந்த ஒலி.

ஓம்விதி:
இருக்கலாம். தட்டியது ஹெட்செட்டின் சட்டம் வழியாக ஸ்பீக்கரையே அசைத்திருக்கவும் வாய்ப்புண்டு. பட்டை இரண்டாம் வளையத்தையும் சேர்த்துத் தொடும் ஜாக்குகளும் உள்ளன. மல்டிமீட்டர் வைத்து அளக்காமல் சொல்ல முடியாது. எப்படி இருந்தாலும் தீர்வு ஒன்றுதான்.

தூறல்:
எனக்கும் இதே பிரச்சினை அண்ணா! புளூடூத் ஹெட்செட். பாட்டு சூப்பரா கேக்குது, கால் வந்தா என் குரலும் மொக்கை, பாட்டும் மொக்கை. எனக்கும் பின் மாத்தணுமா?

கம்பிவலை:
தம்பி, உங்களுடையதில் மாற்றுவதற்குப் பின்னே இல்லையே. மைக் திறந்தவுடன் புளூடூத் பாட்டுக்கான முறையை விட்டு அழைப்புக்கான முறைக்குத் தாவுகிறது, அதில் ஒலியின் தரம் குறைவு. லேப்டாப்பின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுத்தால் பாட்டாவது தப்பிக்கும்.

ஓம்விதி:
இளவேனில், உங்களுக்கு வேண்டியது பிரிப்பு அடாப்டர். ஒரு பக்கம் மூன்று கோடு பின் நுழையும் ஒரே துளை. மறுபக்கம் இரண்டு கோடு உள்ள இரண்டு பின்கள், ஒன்று மைக்குக்கு, ஒன்று ஹெட்போனுக்கு. இதே தோற்றத்தில் இன்னும் இரண்டு சாமான்கள் உண்டு. இரண்டு துளையும் ஒரே பின்னும் இருந்தால் அது நேர் எதிர் வேலைக்கு. இரண்டு துளையிலும் ஹெட்போன் படம் இருந்தால் அது இருவர் பாட்டு கேட்பதற்கு, மைக் கம்பியே அதில் இருக்காது. இரண்டு கோடுள்ள நீட்டிப்புக் கேபிளை நடுவில் போட்டாலும் மைக் அறுந்துவிடும்.

இளவேனில்:
அடாப்டர் போட்டாச்சு. இப்போது மைக்கைத் தட்டினால்தான் மீட்டர் குதிக்கிறது, காதுக்குள் தட்டினால் அசைவே இல்லை. +30 விட்டுவைத்திருந்தேன், குரல் வெடிக்கிறது. எவ்வளவு வைக்கலாம்?

நள்ளிரவு ஆந்தை:
நான் முதல்லயே சொன்னேன், 0 வைங்கன்னு.

ஓம்விதி:
+30 அதிகம் என்பது சரி, 0 குறைவு. வாய்க்கு 3, 4 செ.மீ. தள்ளி இருக்கும் இந்த வகை மைக் சாதாரணப் பேச்சுக்கு 10 மில்லிவோல்ட் அளவில் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். கார்டின் உச்ச அளவு ஏறக்குறைய 1 வோல்ட். நூறில் ஒரு பங்கு என்றால் மீட்டரில் −40 dB. பேச்சின் உச்சங்கள் அதைவிட 12 dB மேலே, −28-ல் நிற்கும். +20 பூஸ்ட் கொடுத்தால் உச்சம் −8-க்கு வரும், அது போதும். +30 என்றால் 0-ஐத் தாண்டி வெட்டுப்படும். நீங்கள் கேட்ட வெடிப்பு அதுதான்.

ஆந்தை சொன்னபடி 0-ல் பதிந்து எடிட்டரில் 20 dB ஏற்றினால், எண்ணாக மாற்றும் சிப்பின் இரைச்சலையும் சேர்த்து 20 dB ஏற்றுகிறீர்கள். பூஸ்ட் பெரும்பாலான கார்டுகளில் அந்தச் சிப்புக்கு முன்னால் வேலை செய்கிறது. அதனால் தேவையான அளவை அங்கேயே கொடுப்பது நல்லது.

விண்டோஸில் Win+R அழுத்தி இதை அடியுங்கள்:

```
mmsys.cpl
```

Recording, பிறகு மைக்கின் Properties, அதில் Levels. லினக்ஸில் alsamixer திறந்து F4. பேசும் செயலியில் அளவைத் தானே மாற்றும் வசதி இருந்தால் முதலில் அதை அணையுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் வைத்த அளவை அது நகர்த்திக்கொண்டே இருக்கும்.

நள்ளிரவு ஆந்தை:
கணக்கு சரி. ஆனா என் லேப்டாப்ல மூணு கோடு பின்னுக்கே ஏத்த காம்போ ஜாக், +20 வெச்சாலே ம்ம்ம்னு ஒரு ரீங்காரம். யூஎஸ்பி அடாப்டர் மாட்டினதும் போச்சு. இதுக்கு என்ன சொல்றீங்க?

கம்பிவலை:
சார்ஜரைக் கழற்றிவிட்டுக் கேட்டீர்களா? பேட்டரியில் ரீங்காரம் நின்றால் அது கிரவுண்ட் வழியாக வருகிறது. ஆடியோ சுற்று வெளியே போனதால் உங்களுக்குத் தப்பித்தது. உஷ் வேறு, ரீங்காரம் வேறு. இளவேனிலுக்கு வந்தது உஷ்.

நள்ளிரவு ஆந்தை:
கழற்றிப் பாக்கல. இருந்தாலும் யூஎஸ்பியே நிம்மதி.

இளவேனில்:
+20-ல் உச்சம் −10 சுற்றி நிற்கிறது. பேசாத நேரத்தில் மட்டும் மெல்லிய உஷ் இன்னும் இருக்கிறது.

ஓம்விதி:
அது மைக்கின் சொந்த இரைச்சலாக இருக்கலாம். மைக்கை இப்போதுள்ள தூரத்தில் பாதிக்குக் கொண்டு வாருங்கள், குரல் 6 dB வரை ஏறும். அந்த அளவுக்கு ஸ்லைடரைக் குறைத்தால் உஷ்ஷும் குறையும். வாய்க்கு நேரே வைக்காமல் உதட்டோரத்தில் வையுங்கள், நேரே வைத்தால் 'ப' வரும்போதெல்லாம் காற்று அடிக்கும்.

கம்பிவலை:
அடாப்டரைக் கழற்றும்போது பழையபடி பின்னை நேரே செருகி, காதுப் பகுதிகளைத் துணியால் சுற்றிவிட்டு மைக்கை மட்டும் ஒருமுறை தட்டிப் பாருங்கள். நான் சொன்னதா ஓம்விதி சொன்னதா என்பது பாக்கி நிற்கிறது.