திறப்பு விழாத் தள்ளுபடி வைக்கலாமா? கடை வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்

அண்ணன்களே, அக்காக்களே, வணக்கம். தை பிறந்ததும் வேலூர் சத்துவாச்சாரியில் செருப்புக் கடை திறக்கிறேன். முதல் மாதம் முழுக்க 20 சதவீதம் தள்ளுபடி போடச் சொல்கிறார் என் மாமா. எனக்கு மனசு ஒப்பவில்லை.

கணக்கு இதுதான். 350 ரூபாய்க்கு வாங்கும் ஜோடியை 500க்கு விற்றால் 150 நிற்கும். 20 சதவீதம் குறைத்தால் விலை 400, கையில் நிற்பது 50 மட்டும். ஒரு ஜோடியில் வருவதை எடுக்க மூன்று ஜோடி விற்க வேண்டும். அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். ஆனால் ஒரு மாதம் 400க்கு வாங்கியவர்களுக்கு அதுதான் அந்தச் செருப்பின் விலை என்று பதிந்துவிடுமே! குடியாத்தத்தில் துணிக்கடை வைத்த என் சித்தி மகனுக்கு இதுதான் நடந்தது. இரண்டாம் மாதம் வந்தவர்கள் துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அடுத்த ஆஃபர் எப்போ தம்பி?" என்று கேட்டுப் போனார்கள்.

சி.எம்.சி. மருத்துவமனைப் பக்கம் கடை என்றால் வெளியூர்க்காரர்கள் ஒருமுறை வாங்கிப் போய்விடுவார்கள். எனக்கோ அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் திரும்பத் திரும்ப வர வேண்டும். அதனால் விலையைத் தொடாமல், முதல் மூன்று நாள் வாங்குபவர்களுக்கு மட்டும், இரண்டு மாதத்துக்குள் மறுபடி வந்தால் 50 ரூபாய் குறையும் என்று கூப்பன் கொடுக்கலாமா என்று யோசிக்கிறேன். பில்லில் போன் நம்பர் எழுதினால் எத்தனை பேர் திரும்பினார்கள் என்பதும் தெரியும்.

இப்படிச் செய்தவர்கள் இருக்கிறீர்களா? கூப்பனை மக்கள் பத்திரமாக வைத்திருந்து கொண்டுவருகிறார்களா? தள்ளுபடி போட்டவர்கள், முழு விலைக்கு மாறியபோது எப்படிச் சமாளித்தீர்கள்?