[கலைச்சொல்] ஹனோய் கோபுரத்தில் வட்டுகள் நகரும் வரிசைக்கு என்ன பெயர் வைக்கலாம்?

மங்கை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

ஹனோய் கோபுரம் பற்றி ஒரு பாடம் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு கம்பத்தில் பெரியது அடியிலும் சிறியது மேலுமாக அடுக்கிய வட்டுகளை, ஒரு முறைக்கு ஒன்றாக, சிறியதன்மேல் பெரியதை வைக்காமல், மூன்று கம்பங்களைக் கொண்டே இன்னொரு கம்பத்துக்கு மாற்றும் புதிர் அது. கம்பம், வட்டு, நகர்த்தல் என்று பெரும்பாலான சொற்கள் தாமாகவே வந்துவிட்டன. ஒரே ஒரு இடத்தில் நின்றுவிட்டேன்.

மிகச் சிறிய வட்டுக்கு 1, அதற்கடுத்ததற்கு 2 என்று எண் கொடுத்துக்கொள்வோம். மூன்று வட்டுகளை மாற்றும்போது ஒவ்வொரு முறையும் எந்த வட்டு நகர்கிறது என்பதை மட்டும் எழுதிப் பார்த்தால் முதல் வரி வருகிறது. நான்கு வட்டுக்கு இரண்டாம் வரி.

```
1 2 1 3 1 2 1
1 2 1 3 1 2 1 4 1 2 1 3 1 2 1
```

இந்த வரிசைக்கு ஆங்கிலத்தில் இருக்கும் பெயரை அப்படியே மாற்றினால் "அளவுகோல் வரிசை" என்று வரும். அங்குல அளவுகோலில் அரைக்கு ஒரு நீளக் கோடு, காலுக்கு அதைவிடக் குட்டை, அரைக்காலுக்கு இன்னும் குட்டை என்று இருக்குமல்லவா, அதைப் பார்த்து வைத்த பெயர் அது. ஆனால் மாணவர் கையில் இருப்பது பத்துப் பத்தாகப் பிரித்த சென்டிமீட்டர் கோல். அதில் இந்த வடிவம் தெரியாது. பெயரைக் கேட்டுவிட்டுக் கோலை எடுத்துப் பார்ப்பவர் குழம்புவார். வேறு சொல் தோன்றினால் சொல்லுங்கள்.

குமரேசன் எழுதியது:

மங்கை அம்மா, இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? "இரட்டிப்பு வரிசை" என்று வைத்துவிடலாம். ஒரு வட்டு கூடினால் நகர்த்தல் இரண்டு மடங்காகிறது. மூன்று வட்டுக்கு 7 என்றால் நான்குக்கு 14, ஐந்துக்கு 28. காரணமும் எளிது. எந்த வட்டை எடுத்தாலும் அது போவதற்கு வேறு இரண்டு கம்பங்கள் இருக்கின்றன. இரண்டு வழி என்பதால் இரண்டால் பெருகுகிறது.

பரிதி எழுதியது:

குமரேசன் ஐயா, இரட்டிப்பு என்று நீங்கள் பிடித்தது சரிதான். ஆனால் கணக்கில் ஒன்று விட்டுப்போயிற்று, காரணமும் வேறு. நான்கு வட்டுக்கு 14 அல்ல, 15. மங்கை எழுதிய இரண்டாம் வரியை எண்ணிப் பாருங்கள். ஐந்துக்கு 31.

எத்தனை கம்பத்துக்குப் போக முடியும் என்பதற்கும் இந்தப் பெருக்கத்துக்கும் தொடர்பில்லை. அடியில் கிடக்கும் பெரிய வட்டைப் பாருங்கள். அது எப்படியும் ஒரு முறையாவது நகர வேண்டும். நகரும் அந்த நொடியில் அதன் தலைமேல் எதுவும் இருக்கக் கூடாது, போய்ச் சேரும் கம்பத்திலும் எதுவும் இருக்கக் கூடாது. அப்படியானால் மற்ற எல்லா வட்டுகளும் மிச்சமிருக்கும் ஒரே கம்பத்தில் கோபுரமாக நிற்க வேண்டும், வேறு வழியே இல்லை. அதனால் பெரிய வட்டு நகர்வதற்கு முன் சிறிய கோபுரம் முழுவதையும் ஒரு முறை மாற்றியாக வேண்டும், நகர்ந்த பின் இன்னொரு முறை மாற்றியாக வேண்டும். 7, நடுவில் 1, மறுபடி 7. இதைவிடக் குறைவாக யாராலும் முடியாது என்பதும் இதே பேச்சிலேயே நிரூபணமாகிவிடுகிறது.

இதையே மேலிருந்தும் பார்க்கலாம், அது எனக்கு இன்னும் பிடிக்கும். பழைய மூன்று வட்டுகளின் உச்சியில் புதிதாக ஒரு குட்டி வட்டை வையுங்கள். பழைய 7 நகர்த்தல்களும் அதே வரிசையில் அப்படியே இருக்கும். அவற்றுக்கு முன்னும் பின்னும் இடையிலுமாக 8 இடைவெளிகள். ஒவ்வொன்றிலும் குட்டி வட்டு ஒரு முறை நகரும். 8-ம் 7-ம் சேர்ந்து 15. இடைவெளி தவறாமல் அது ஏன் நகர வேண்டும்? குட்டி வட்டு ஒரு கம்பத்தில் இருக்கையில் மற்ற இரண்டு கம்பங்களுக்கு இடையே விதிப்படி ஒரே ஒரு நகர்த்தல்தான் செய்ய முடியும். அதைச் செய்த பின் குட்டியைத் தொடாமல் விட்டால், செய்ததைத் திருப்பி எடுப்பதைத் தவிர வேறொன்றும் இல்லை.

இரட்டிப்பு என்ற பெயர் எண்ணிக்கையைத்தான் சொல்கிறது. இந்த வரிசையின் உருவம் அதில் இல்லை.

அஸ்லம் எழுதியது:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என் சிக்கல் வேறு. கீழே உள்ளதுதான் என் நிரல். 64 கொடுத்து ஓடவிட்டேன், இரவு முழுவதும் நிற்கவில்லை. தன்னைத்தானே அழைத்துச் சுற்றிக்கொண்டே இருக்கிறது, நினைவகம் நிரம்பி விழுந்துவிடும் என்று பயந்து நிறுத்திவிட்டேன். எங்கே தவறு?

```python
def hanoi(n, a, b, c):
    if n == 0:
        return
    hanoi(n-1, a, c, b)
    print(n, a, "->", c)
    hanoi(n-1, b, a, c)
```

பரிதி எழுதியது:

அஸ்லம் தம்பி, நிரலில் தவறே இல்லை. நினைவகமும் நிரம்பாது. ஒரே நேரத்தில் முடியாமல் காத்திருக்கும் அழைப்புகள் அறுபத்தைந்துக்கு மேல் போகாது, ஏனென்றால் ஒவ்வொரு அழைப்பிலும் n ஒன்று குறைகிறது. ஆழம் அவ்வளவுதான். நகர்த்தல்கள்தான் 18446744073709551615. நொடிக்குப் பத்து லட்சம் வரி அச்சிட்டாலும் ஐந்து லட்சத்து எண்பதாயிரம் ஆண்டுக்கு மேல் ஆகும். 20 கொடுத்துப் பாருங்கள், 1048575 வரியோடு நின்றுவிடும்.

மங்கை எழுதியது:

அஸ்லம், நீங்கள் "சுற்றிக்கொண்டே இருக்கிறது" என்று எழுதியது என்னை யோசிக்க வைத்தது. இப்படித் தன்னையே அழைப்பதைப் பாடநூலில் "தற்சுழற்சி" என்கிறோம். அந்தச் சொல்லே ஏதோ வட்டமடிப்பதுபோல ஒரு படத்தைக் கொடுத்துவிடுகிறது. உண்மையில் அது உள்ளே உள்ளே இறங்குகிறது, அப்புறம் வெளியே வருகிறது.

பரிதி சொன்ன "மேலிருந்து பார்ப்பது" மனத்தில் ஓடிக்கொண்டே இருந்தது. மேசைமேல் ஒரு நீளக் காகிதத் துண்டு கிடந்தது. அதைப் பாதியாக மடித்தேன், மடித்ததைப் பிரிக்காமல் மறுபடி பாதியாக, மூன்றாவது முறையும் பாதியாக. பிரித்து விரித்தால் 7 மடிப்புக் கோடுகள். நட்டநடுவில் இருப்பது முதல் மடிப்பில் விழுந்தது. அதற்கு இருபுறமும் இரண்டாம் மடிப்பின் கோடு ஒவ்வொன்று. மிச்சமுள்ள நான்கும் கடைசி மடிப்பில் விழுந்தவை. கடைசி மடிப்பின் கோடுகளுக்கு 1, அதற்கு முந்தியதற்கு 2, முதல் மடிப்புக்கு 3 என்று பென்சிலால் எழுதி, இடமிருந்து வலமாகப் படித்தேன். 1 2 1 3 1 2 1. அதேதான்!

இன்னொரு முறை மடித்தால் பழைய கோடுகள் அங்கேயே இருக்கின்றன, ஒவ்வொரு இடைவெளியிலும் புதுக் கோடு ஒன்று விழுகிறது. குட்டி வட்டு நுழைவதும் அப்படித்தானே? ஆகவே "மடிவரிசை" என்று முன்மொழிகிறேன். இருமடங்கு, மும்மடங்கு என்று பெருக்கத்தைச் சொல்ல நாம் ஏற்கெனவே மடித்தலைத்தான் பயன்படுத்துகிறோம். குமரேசன் ஐயா கேட்ட இரட்டிப்பும் இந்தச் சொல்லுக்குள் வந்துவிடுகிறது.

குமரேசன் எழுதியது:

கணக்கில் ஒன்றை விட்டது என் பிழைதான், 15 என்று எண்ணிப் பார்த்துவிட்டேன். மடிவரிசை எனக்கு முழுச் சம்மதம். இன்னொன்றும் தோன்றுகிறது. செய்யுளில் மடக்கு என்று ஓர் அணி உண்டு. வந்த எழுத்துத் தொடரே மறுபடி வரும், ஆனால் பொருள் வேறாக இருக்கும். இங்கேயும் நடுவில் 3-க்கு முன்னால் வரும் 1 2 1 தான் பின்னாலும் வருகிறது. முன்னால் வந்தது கோபுரத்தை நடுக்கம்பத்துக்குக் கொண்டுபோகிறது, பின்னால் வருவது அங்கிருந்து கடைசிக் கம்பத்துக்குக் கொண்டுவருகிறது. தொடர் ஒன்று, செயல் வேறு. சொல் வேர் சரியான இடத்தில்தான் பிடித்திருக்கிறது.

தேன்மொழி எழுதியது:

சொல்லைவிட எனக்கு விடைதான் அவசரமாக வேண்டும். என் மகளுக்கு ஐந்து வட்டுள்ள மரப் பொம்மை ஒன்று வாங்கினோம். அவள் ஒரு நகர்த்தலும் வீணாக்காமல் 31-இல் முடித்தாள், ஆனால் கோபுரம் நடுக்கம்பத்தில் போய் நிற்கிறது. மடிவரிசைப்படிதான் செய்தாள் என்றால் எங்கே பிசகியது?

மங்கை எழுதியது:

தேன்மொழி அக்கா, முதல் நகர்த்தலிலேயே பிசகியிருக்கிறது. மடிவரிசை எந்த வட்டு நகரும் என்று மட்டும் சொல்லும், எந்தக் கம்பத்துக்கு என்று சொல்லாது. குட்டி வட்டு மூன்று கம்பங்களையும் ஒரே திசையில் சுற்றிவர வேண்டும். வட்டுகள் ஒற்றைப்படை எண்ணிக்கையில் இருந்தால் அதன் முதல் அடி சேர வேண்டிய கம்பத்துக்கே. இரட்டைப்படை என்றால் முதல் அடி மற்றொரு கம்பத்துக்கு. உங்கள் மகள் திசையை மாற்றித் தொடங்கியிருக்கிறாள், அவ்வளவுதான். 31 வரை போகாமலே இதைக் கண்டுபிடிக்கலாம். 16-ஆவது நகர்த்தலில் பெரிய வட்டு எந்தக் கம்பத்துக்குப் போகிறது என்று பாருங்கள், கோபுரம் அங்கேதான் எழும்.

நடுவழியில் தடுமாறினால் அதற்கும் ஒரு சோதனை உண்டு. வட்டுகளுக்கு ஒன்றுவிட்டு ஒன்று சிவப்பு, நீலம் பூசிவிடுங்கள். சரியான வழியில் போகும்வரை ஒரே நிற வட்டுகள் இரண்டு நேராக ஒன்றன்மேல் ஒன்று உட்காராது. உட்கார்ந்தால் அப்போதே வழி தவறிவிட்டது.

பரிதி எழுதியது:

மடிவரிசை நல்ல சொல். கையாளவும் எளிது. 12-ஆவது நகர்த்தலில் எந்த வட்டு என்று கேட்டால், 12-ஐ மீதியில்லாமல் எத்தனை முறை பாதியாக்கலாம் என்று பார்த்து ஒன்று கூட்டினால் போதும். 12, 6, 3. இரண்டு முறை, ஆகவே 3-ஆம் வட்டு. காகிதத்தை மடிப்பதும் பாதியாக்குவதுதானே.

ஆனால் தற்சுழற்சியை எடுத்துவிட்டுத் "தன்மடிப்பு" என்று வைக்கலாமா என்று மங்கை எனக்குத் தனியாக எழுதியிருந்தார். அதில் எனக்கு உடன்பாடில்லை. தன்னை ஒரே ஒரு முறை மட்டும் அழைக்கும் செயல்களும் உண்டு, தொடர்பெருக்கம் கணக்கிடுவதுபோல. அங்கே இரட்டிப்பு இல்லை, மடிப்பும் இல்லை. ஹனோய்க்குப் பொருந்துகிறது என்பதற்காக எல்லாவற்றுக்கும் அந்தச் சட்டையைப் போட முடியாது.

மடிவரிசைக்கும் ஓர் எல்லை வேண்டும். 1883-இல் எதுவார் லூக்கா இந்தப் புதிரை வெளியிட்டபோது அதில் 8 வட்டுகள், 3 கம்பங்கள், 255 நகர்த்தல்கள். நான்காவதாக ஒரு கம்பம் நட்டுவிட்டால் அதே 8 வட்டுக்கு 33 போதும். பெரிய வட்டு நகரும்போது மற்றவை ஒரே கம்பத்தில் குவிய வேண்டும் என்ற நெருக்கடி அங்கே இல்லை, அதனால் இரட்டிப்பும் உடைகிறது. மூன்று வட்டுக்கு 1 2 3 2 1 என்று ஐந்திலேயே முடிந்துவிடுகிறது. விளக்கத்தில் "மூன்று கம்பங்களில்" என்பதைக் கட்டாயம் சேர்க்க வேண்டும்.

மங்கை எழுதியது:

"மூன்று கம்பங்களில்" என்பதைச் சேர்த்துவிடுகிறேன். மடிவரிசையைப் பாடத்தில் எழுதிவிட்டேன், காகிதத் துண்டின் படத்தோடு. தன்மடிப்பை நான் இன்னும் கைவிடவில்லை, பரிதி. ஒரே முறை அழைப்பதையும் காகிதத்தை ஒரே பக்கமாகச் சுருட்டுவதுபோலப் பார்க்கலாமா என்று யோசிக்கிறேன். அதற்குத் தனி இழை தொடங்குவோம். நான்கு கம்பத்து 1 2 3 2 1-க்கும் ஒரு பெயர் வேண்டும். குமரேசன் ஐயா, முன்னிருந்தும் பின்னிருந்தும் ஒன்றாகவே படிக்கும் செய்யுள் உங்களிடம் ஏதாவது இருக்குமே?

குமரேசன் எழுதியது:

இருக்கிறது அம்மா, மாலைமாற்று. ஆனால் மடிவரிசையும் முன்பின் ஒன்றாகத்தானே படிக்கிறது? அந்தப் பெயரை இரண்டில் எதற்குக் கொடுப்பது?