லிம்போசைட் 52 வீதம் என்றால் கூடுதலா? ஒரு குட்டிநாயின் இரத்த ரிப்போர்ட்

மட்டக்களப்பு மாணவி:
விடுமுறைக்கு ஊருக்கு வந்த இடத்தில் ஆரையம்பதிப் பக்கம் ஒரு மிருக வைத்தியரிடம் நின்று பழகுகிறேன். போன கிழமை களுவாஞ்சிக்குடியிலிருந்து 4 மாதக் குட்டி ஒன்றைக் கொண்டு வந்தார்கள். தடுப்பூசி ஒன்றும் போடவில்லை. ஓயாத வாந்தி, இரத்தத்தோடு வயிற்றோட்டம். கழுத்துத் தோலைத் தூக்கி விட்டால் மெல்ல மெல்லத்தான் படிந்தது.

ரிப்போர்ட் இது: இரத்தத்தில் செங்குழியத்தின் பங்கைக் காட்டும் பிசிவி 48 வீதம், பிளாஸ்மாப் புரதம் 5.4, வெண்குழியம் 1,800. அதில் நியூட்ரோபில் 30 வீதம், முதிராத நியூட்ரோபிலான பேண்ட் 12, லிம்போசைட் 52, மோனோசைட் 6. பிசிவி 37 முதல் 55 வரை இருக்கலாம் என்று படித்ததால், செங்குழியத்தில் குறையில்லை என்றுதான் முதலில் பட்டது. நீங்கள் எப்படி வாசிப்பீர்கள்?

கல்லாறு தம்பி, முதலாம் வருடம்:
லிம்போசைட் 52 வீதம் ஏறியிருக்கிறதே. வைரஸ் வந்தால் லிம்போசைட் கூடும். பார்வோ வைரஸ்தான் அக்கா.

மூத்த மிருக வைத்தியர், அம்பாறை:
தம்பி, பார்வோ என்ற சந்தேகம் நியாயம். ஆனால் அதற்குப் போன வழி பிழை. வீதத்தை மட்டும் பார்க்காதீர்கள், மொத்தத்தால் பெருக்குங்கள். 1,800இல் 52 வீதம் 936. வளர்ந்த நாய்க்கே 1,000க்குக் கீழே போனால் குறைவு, குட்டிக்கு இன்னும் கூட இருக்க வேண்டும். ஆக லிம்போசைட் ஏறவில்லை, இறங்கியிருக்கிறது. நியூட்ரோபில் 540தான். குறைந்தது 3,000 இருக்க வேண்டிய இடம் அது. நியூட்ரோபில் அடியோடு விழுந்ததால்தான் லிம்போசைட்டின் பங்கு பெரிதாகத் தெரிகிறது. பார்வோ எலும்பு மச்சையையும் தாக்கும், குடலும் இருக்கிற நியூட்ரோபில்லை இழுத்துக்கொள்ளும். இந்தக் குட்டியைக் கொல்லக்கூடியது குடலால் இரத்தத்துக்குள் புகும் பக்டீரியா. நான் முதலில் பார்ப்பது அந்த 540ஐத்தான்.

பிசிவிக்கு வருவோம். வற்றிப்போன குட்டியில் 48ஐ அப்படியே நம்ப வேண்டாம். 4 மாதத்தில் அது கூடுதலும்கூட. நீர் மட்டும் வற்றியிருந்தால் புரதமும் சேர்ந்து ஏறியிருக்கும். இங்கே ஏறவில்லை. அப்படியென்றால் புரதம் எங்கோ ஒழுகுகிறது, அனேகமாகக் குடலால்.

கல்முனை ஆய்வுகூடக்காரர்:
ஒரு விசயம். அந்தப் பேண்ட் 12 மெஷின் சொன்னதா, யாரும் ஸ்லைடில் எண்ணியதா? நான் பார்த்த மெஷின்கள் பேண்டையும் முதிர்ந்ததையும் ஒரே கணக்கில்தான் போடும். 1,800இல் 100 குழியம் எண்ணி முடிக்க ஸ்லைடின் ஓரம் முழுக்கத் தேட வேண்டும். 50தான் எண்ணினால் 12 என்பது ஆறே ஆறு குழியம்தான். அதை வைத்து நான் பெரிதாக ஒன்றும் சொல்லமாட்டேன்.

சுற்றியெடுத்த தந்துகிக் குழாயையும் பாருங்கள். செங்குழியத்துக்கும் பிளாஸ்மாவுக்கும் நடுவே வெண்குழியம் சேர்ந்த வெள்ளைப் படலம் இருக்கும். இந்தக் குட்டிக்கு அது கோடு மாதிரிகூடத் தெரிந்திருக்காது.

மட்டக்களப்பு மாணவி:
டொக்டர்தான் ஸ்லைடில் 100 எண்ணினார், பக்கத்தில் நின்றேன். படலம் சொன்ன மாதிரியேதான். வெளிச்சத்தில் பிடித்தால்தான் ஒரு மயிரிழை தெரிந்தது.

அக்கரைப்பற்று அக்கா:
எங்கட நாய்க்கு உண்ணிக் காய்ச்சல். பிசிவி 19, குழாயில் மேல் தண்ணீர் சிவப்பாக இருந்ததாம். இதுவும் பார்வோவா தம்பிமாரே? ஆறு வயசு, ஊசியெல்லாம் போட்டிருக்கு.

மூத்த மிருக வைத்தியர், அம்பாறை:
இல்லை தங்கச்சி, அது வேறு கதை. பிளாஸ்மா சிவந்தால் செங்குழியம் உடைகிறது என்று நினைக்கலாம். இரத்தம் எடுக்கும்போது ஊசியில் உடைந்தாலும் அப்படித்தான் வரும். ஆனால் 19 என்பது ஊசியால் மட்டும் வந்த இறக்கம் இல்லை. ஸ்லைடில் உண்ணி பரப்பும் பபீசியா ஒட்டுண்ணியைத் தேடினார்களா என்று கேளுங்கள். தாமதிக்காமல் நாயைத் திரும்பக் கொண்டுபோங்கள்.

மட்டக்களப்பு மாணவி:
குட்டியின் மிச்சக் கதை. சேலைன் ஏற்றி இரண்டாம் நாள் பிசிவி 34, புரதம் 3.8. நான்காம் நாள் வெண்குழியம் 7,200. நியூட்ரோபில் 40 வீதம், பேண்ட் 28. பேண்ட் இவ்வளவு ஏறினது பயமா?

மூத்த மிருக வைத்தியர், அம்பாறை:
பெருக்குங்கள். நியூட்ரோபில் 2,880, பேண்ட் 2,016. முதிர்ந்தது முன்னால் நிற்கிறது, மொத்தமும் ஏறுகிறது. மச்சை திரும்ப வேலை செய்கிறது, நல்ல குறி. பேண்ட் முதிர்ந்ததை முந்தி, மொத்தமும் குறைவாக இருந்திருந்தால் பயந்திருப்பேன்.

கல்லாறு தம்பி:
அப்போ 48இலிருந்து 34க்கு இறங்கினது சேலைனாலா, இரத்தம் போனதாலா? பிசிவியும் புரதமும் ஒரே அளவில்தானே இறங்கியிருக்கு.

கல்முனை ஆய்வுகூடக்காரர்:
நான் சேலைன் என்பேன். புரதமும் அதே விகிதத்தில் இறங்கியிருக்கிறதே.

மூத்த மிருக வைத்தியர், அம்பாறை:
இரத்தம் போய் சேலைன் ஏறினாலும் இரண்டும் சேர்ந்துதான் இறங்கும். இந்த எண்களால் பிரித்துச் சொல்ல முடியாது. கொக்கிப்புழுவும் இருக்கலாம், மலத்தைப் பார்த்தீர்களா? நாளைக்கு ஸ்லைடில் பெரிய, நீலம் பாய்ந்த இளம் செங்குழியங்களைத் தேடுங்கள். நிறைய இருந்தால் இரத்தம் போயிருக்கிறது. இல்லாவிட்டால் இல்லை என்று சொல்ல மாட்டேன், பார்வோ தாக்கிய மச்சை பிந்தியும் எழும்பலாம்.

மட்டக்களப்பு மாணவி:
மலம் இன்னும் பார்க்கவில்லை டொக்டர். நாளைக்கு இரண்டையும் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.