மூன்று ஆண்டில் முடித்த பி.இ.: சிங்கப்பூர் நேர்காணலில் எப்படி விளக்கினீர்கள்?

துவாஸ் பொறியாளர்
தமிழ்நாட்டில் பாலிடெக்னிக் முடித்து, நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்து அண்ணா பல்கலைக்கழகப் பட்டம் வாங்கியவன் நான். அண்மையில் ஒரு நேர்காணலில் மேலாளர் என் சுயவிவரத்தில் டிப்ளோமா 2011–2014, பி.இ. 2014–2017 என்ற வரிகளுக்குப் பக்கத்தில் பென்சிலால் 3, 3 என்று எழுதினார். "பொறியியல் பட்டம் நான்கு ஆண்டு அல்லவா? மூன்றில் எப்படி முடிந்தது?" என்று கேட்டார். மதிப்பெண் பட்டியலைப் புரட்டியவர், மூன்றாம் செமஸ்டரிலிருந்துதான் தொடங்குகிறது என்பதைப் பார்த்ததும் இரண்டு பக்கம் காணாமல் போய்விட்டதாகவே முடிவுகட்டினார். கடைசியில் கிடைத்தது டெக்னீஷியன் வேலைக்கான அழைப்பு. இதைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள்.

செங்காங் வாசி
கவலையே வேண்டாம். 2023 செப்டம்பரிலிருந்து புதிய எம்ப்ளாய்மெண்ட் பாஸ் விண்ணப்பத்தில் காட்டும் பட்டத்துக்குச் சரிபார்ப்புச் சான்று கேட்கிறார்கள். நானும் ஒரு நிறுவனம் மூலம் வாங்கினேன். அந்த அறிக்கை கையில் இருந்தால் உங்கள் பட்டம் இங்குள்ள பட்டத்துக்குச் சமம் என்று ஆகிவிடும். அதை நீட்டினால் போதும்.

கல்லாங் அக்கா
மனிதவளத் துறையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். செங்காங் தம்பி சொன்னதில் பாதி சரி. சான்றிதழ் போலியில்லை, பல்கலைக்கழகம் உண்மையிலேயே கொடுத்தது என்பதை மட்டுமே அந்த அறிக்கை சொல்லும். எந்தத் தரம், எதற்குச் சமம் என்பது அதில் இருக்காது. வெளிநாட்டுப் பட்டங்களை எடைபோட்டுச் சமச் சான்று தரும் வேலையைக் கல்வி அமைச்சும் செய்வதில்லை. வேலைக்கு எடுப்பவரே முடிவு செய்துகொள்கிறார். ஆகவே அவருக்குப் புரியும்படி எழுதுவது உங்கள் கையில்தான் இருக்கிறது, தம்பி.

உங்கள் மேலாளருக்குக் குழப்பம் தந்தவை வருடங்கள். இங்கேயும் பாலிடெக்னிக் முடித்துப் பல்கலைக்கழகம் போகிறவர்களுக்குச் சில பாடங்களில் விலக்கு உண்டு. அது எல்லா மனிதவள அலுவலருக்கும் தெரிந்த ஏற்பாடு. எனவே பட்டத்தின் வரியை இப்படி எழுதுங்கள்: "இயந்திரப் பொறியியல் இளநிலைப் பட்டம், அண்ணா பல்கலைக்கழகம், 2017. நான்கு ஆண்டுப் படிப்பு. மூன்றாண்டு டிப்ளோமாவின் அடிப்படையில் முதல் ஆண்டுக்கு விலக்கு பெற்று இரண்டாம் ஆண்டில் சேர்க்கை." கல்லூரிப் பெயரை அடுத்த வரியில் போடுங்கள். பட்டம் தருவது பல்கலைக்கழகம். கல்லூரிப் பெயர் முன்னால் நின்றால் அதைத்தான் தேடிப் பார்ப்பார்கள், ஒன்றும் பிடிபடாமல் மூடிவைத்துவிடுவார்கள்.

மதிப்பெண் பட்டியலுக்குப் பின்னாலேயே டிப்ளோமா பட்டியலையும் இணைத்து ஒரே கோப்பாக அனுப்புங்கள். முதல் இரண்டு செமஸ்டர் ஏன் இல்லை என்று மேலே ஒரே வாக்கியம் எழுதுங்கள். நான் விண்ணப்பங்களைப் பார்க்கும்போது அந்த வாக்கியம் இல்லாதவற்றைத்தான் ஓரமாக ஒதுக்கிவைக்க நேர்கிறது.

யீஷூன் செவிலியர்
எனக்கு இந்த வரி எழுதும் சிரமமே வரவில்லையே! இந்தியாவில் பி.எஸ்சி. நர்சிங் படித்தேன். தாதியர் கழகத்தில் பதிவு செய்த பிறகு பட்டம் எதற்குச் சமம் என்று யாரும் கேட்கவில்லை. நீங்களும் அப்படி ஒரு கழகத்தில் பதிந்துவிட வேண்டியதுதானே?

கல்லாங் அக்கா
அம்மா, உங்கள் துறையில் பதிவில்லாமல் வேலையே செய்ய முடியாது, அதனால் கழகமே முடிவு சொல்லிவிடுகிறது. தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பொறியாளர் பலருக்கு அப்படி எந்தப் பதிவும் தேவையில்லை. தொழில்முறைப் பொறியாளர் வாரியம் வேறு கதை. பொறியாளராகக் கையெழுத்திட்டுப் பொறுப்பேற்பவர்களுக்குத்தான் அது வேண்டும்.

துவாஸ் பொறியாளர்
நன்றி அக்கா. சி.ஜி.பி.ஏ. 8.1 என்பதை இங்குள்ள நான்கு அல்லது ஐந்து புள்ளி அளவுக்கு மாற்றி எழுதலாமா?

ஜூரோங் ரவி
நான் மாற்றித்தான் எழுதினேன். பத்தால் வகுத்து ஐந்தால் பெருக்கினேன், 4.05 வந்தது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

கல்லாங் அக்கா
எனக்கு அது பிடிக்கவில்லை. ஐந்து புள்ளி அளவில் நான்கு என்றால் இங்கே ஒரு குறிப்பிட்ட ஹானர்ஸ் வகுப்பு நினைவுக்கு வரும். உங்கள் பல்கலைக்கழகம் அப்படி எதையும் கொடுக்கவில்லை. சான்றிதழில் இல்லாத எண் சுயவிவரத்தில் இருந்தால் சரிபார்ப்பின்போது கேள்வி எழும். 10-க்கு 8.1 என்று எழுதி, சான்றிதழில் உள்ள வகுப்பையும் அப்படியே சேர்த்தால் போதும்.

ஜூரோங் ரவி
பத்துக்கு எட்டு எவ்வளவு நல்லது என்று இங்குள்ளவருக்கு எப்படித் தெரியும்? மாற்றினால்தானே ஒப்பிட முடியும்? நான் இன்னும் மாற்றுவதைத்தான் ஆதரிக்கிறேன்.

துவாஸ் பொறியாளர்
அக்கா சொன்ன வரியை வைத்து வேறொரு நிறுவனத்துக்கு அனுப்பினேன். நேற்று கூப்பிட்டார்கள். வருடங்களைப் பற்றிக் கேள்வியே வரவில்லை. இறுதியாண்டுத் திட்டத்தைப் பற்றியே அரை மணி நேரம் கேட்டார்கள். முடிவு வரவில்லை. எண்ணை 8.1 என்றே விட்டிருக்கிறேன். டிப்ளோமாவை இனித் தனி வரியாகப் போட வேண்டுமா, பட்டத்தின் கீழேயே அடக்கிவிடலாமா? டெக்னீஷியனாகப் பார்த்துவிடுவார்கள் என்ற பயம் இன்னும் போகவில்லை.

கல்லாங் அக்கா
தனி வரியாகவே இருக்கட்டும், பட்டத்துக்குக் கீழே. அதை மறைத்தால் விலக்கு எங்கிருந்து வந்தது என்பது மறுபடியும் புரியாமல் போகும்.