சனிக்கிழமைத் தொழில் விளையாட்டு: குழுவில் பேசிக்கொண்டது

கவிதா: சனிக்கிழமை பிள்ளைகளின் தொழில் விளையாட்டுக்கு நர்ஸ் செல்வி அக்கா வருகிறார். போன முறை மாதிரி ஒரு மணி நேரப் பேச்சு வேண்டாம். என்ன வைக்கலாம் அக்கா?

பாலு மாமா: என் பையன் பி.காம் முடித்துவிட்டான். பயோடேட்டாவோடு அனுப்பட்டுமா?

கவிதா: மாமா, இது ஆள் எடுப்பது இல்லை. ஒன்பதாவது, பத்தாவது பிள்ளைகள் ஒரு வேலையை நடித்துப் பார்ப்பது.

செல்வி அக்கா: அவசரப் பிரிவை வைப்போம். நான்கு நோயாளி, ஒரு நர்ஸ், ஐந்து நிமிடம். நோயாளி வேடத்துக்கு ஆளுக்கொரு அட்டை, என்ன தொல்லை என்று அதில் இருக்கும். யாரை முதலில் உள்ளே அனுப்புவது? அதுதான் ஆட்டம். ஒருவன் விரலை வெட்டிக்கொண்டு கத்துவான். ஒருத்திக்குக் கால் சுளுக்கு. காய்ச்சல் குழந்தை ஒன்று, ஆனால் ஓடி விளையாடுகிறது. ஓரமாக ஒரு பெரியவர், "வாயுத் தொல்லைதான், மெதுவாகப் பாருங்கள்" என்பார்.

ரமேஷ்: பெரியவர்தான் முதலில். வயதை வைத்துத்தானே வரிசை?

செல்வி அக்கா: ஆள் சரி, காரணம் தப்பு. அவர் அட்டையின் பின்பக்கம் "வியர்க்கிறது, இடது கை வலிக்கிறது" என்று இருக்கும். நர்ஸ் கேட்டால்தான் சொல்ல வேண்டும். மாரடைப்பு சந்தேகம் என்றால் வந்த 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்தாக வேண்டும். பிள்ளைகள் கத்துகிறவனிடம்தான் ஓடுவார்கள். அவனைத் துணி வைத்து அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டுக் காக்க வைக்கலாம்.

கவிதா: நர்ஸ் வேடத்துக்கு எப்போதும் அதே நாலு பேர்தான் கை தூக்குவார்கள்.

செல்வி அக்கா: சீட்டுக் குலுக்கு. சுற்றுக்குச் சுற்று அட்டையையும் மாற்று. அடுத்த சுற்றில் அந்தக் குழந்தை எழுப்பினாலும் கண் திறக்காது, பெரியவர் பழைய ரிப்போர்ட் வாங்க வந்தவர். மாற்றாவிட்டால் ஒன்றும் கேட்காமலே பெரியவரை உள்ளே தள்ளுவார்கள்.

ரமேஷ்: நன்றாகச் செய்கிற பிள்ளையிடம் நர்சிங் படி என்று அன்றே சொல்லிவிடலாம்.

செல்வி அக்கா: ஐந்து நிமிடத்தில் அது தெரியாது தம்பி. இதில் நைட் ஷிப்ட் இல்லை, கால் வீங்குவது இல்லை. அதனால் கடைசியில் நாலு பேரைப் பற்றியும் நேரம் போட்டு எழுத வைப்பேன். என் ஷிப்டில் நிறைய நேரம் அதற்கே போகிறது. முகம் சுளிக்கிறவர்கள் அங்கே சுளிப்பார்கள்.

மீனா: ரத்தம் பார்த்தால் என் மகளுக்கு மயக்கம் வரும்.

செல்வி அக்கா: வெறும் அட்டைதான் மீனா, வரட்டும்.

கவிதா: கேள்வி நேரம்? போன முறை "சம்பளம் எவ்வளவு, என்ன படிக்கணும்" என்பதோடு சரி.

செல்வி அக்கா: ஆட்டத்துக்கு அப்புறம் வை. "காக்க வைத்தவர் திட்டினால் என்ன சொல்வீர்கள்", "நேற்று போனதும் முதலில் என்ன செய்தீர்கள்" என்று தானாக வரும். வராவிட்டால் என் அட்டைகளில் ஏதோ குறை. சம்பளத்தையும் கேட்கட்டும், சொல்கிறேன்.

ராஜா: அடுத்த முறை நான். எலக்ட்ரீஷியனுக்கு எதை வைப்பது? கம்பியைத் தொட விட முடியாதே.

செல்வி அக்கா: ஒரு வீட்டுக்குள் போனதும் எதைக் கேட்காமல் கை வைக்க மாட்டீர்கள்?

ராஜா: மெயினை அணைத்தாச்சா என்று. ஆச்சு என்றாலும் டெஸ்டர் வைத்துப் பார்ப்பேன். ஆனால் அதை அட்டையில் எப்படிக் கொண்டுவருவது?