2.10, 11/10: இரண்டும் ஒரே விலையா? விழுக்காடு எங்கே இருக்கிறது?

சிப்புட்_தினேஷ்: இங்கிலாந்துப் பந்தாட்டம் ஒன்றுக்கு நண்பரின் கைப்பேசியில் பந்தய விலை 2.10, 3.40, 3.60 என்று இருந்தது. முதலாவது சொந்தத் திடல் அணிக்கு, அடுத்தது சமநிலைக்கு, கடைசி வருகை அணிக்கு. அதே ஆட்டத்துக்கு வேறோர் இடத்தில் 11/10, 12/5, 13/5 என்று போட்டிருந்தார்கள். இரண்டும் ஒன்றா? வெல்லும் வாய்ப்பு எத்தனை விழுக்காடு என்று இதிலிருந்து எப்படிக் கண்டுபிடிப்பது? நான் இதுவரை பந்தயம் கட்டியதில்லை.

செம்பனை_மணியம்: தம்பி, இரண்டும் ஒன்றல்ல. எந்த ஆட்ஸாக, அதாவது பந்தய விலையாக இருந்தாலும் தலைகீழாகத் திருப்பினால் விழுக்காடு வந்துவிடும். 1-ஐ 2.10 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 48 வருகிறது. 11/10-ஐத் திருப்பினால் 10/11, அதாவது 91. ஆகவே இரண்டாவது இடத்தில் சொந்த அணி வெல்வது உறுதி என்றே நினைக்கிறார்கள்.

பழைய_கணக்காசிரியர்: மணியம், 2.10-ஐத் திருப்பியது சரி, 11/10-ஐத் திருப்பியது தவறு. தசம எண்ணில் நீங்கள் கட்டிய பணமும் சேர்ந்திருக்கிறது. பின்னத்தில் லாபம் மட்டுமே இருக்கிறது. கோப்பிக் கடை மேசையில் தினேஷ் 10 வெள்ளியை வைக்கிறார், எதிரே இருப்பவர் 11 வெள்ளியை வைக்கிறார் என்று கண்முன் கொண்டுவாருங்கள். வென்றவர் மேசையிலுள்ள 21 வெள்ளியையும் எடுத்துக்கொள்வார். அந்த 21-இல் தினேஷின் பங்கு 10 என்பதால் 10/21, அதாவது 47.6 விழுக்காடு. 10 வெள்ளிக்கு 21 வெள்ளி திரும்புவதைத்தான் கைப்பேசி 2.10 என்று காட்டியது. மற்ற இரண்டையும் இப்படியே பார்த்தால் 12/5 என்பது 5/17, அதாவது 29.4, 13/5 என்பது 5/18, அதாவது 27.8. 3.40, 3.60 ஆகியவற்றைத் திருப்பினாலும் இதே எண்கள்தான் கிடைக்கும்.

லயத்து_தெய்வானை: என் வீட்டுக்காரர் குறித்து வைத்திருந்த தாளில் 0.80 என்று இருந்தது. ஆசிரியர் ஐயா சொன்னபடி திருப்பினேன். 125 விழுக்காடு வந்தது. நூற்றுக்கு மேல் எப்படி வரும் ஐயா?

பழைய_கணக்காசிரியர்: வரவே வராது அம்மா. நீங்கள் பார்த்தது தசம ஆட்ஸ் அல்ல என்பதற்கு அந்த 125-தான் அடையாளம். தசம ஆட்ஸ் 1-க்குக் கீழே இறங்காது. அது நம் ஊர்ப்பக்கம் புழங்கும் மலாய் ஆட்ஸ், அங்கே 0.80 என்றால் ஒரு வெள்ளி கட்டினால் 80 காசு லாபம். கட்டிய வெள்ளியைச் சேர்த்து 1.80 ஆக்கிய பிறகே திருப்ப வேண்டும், 55.6 வரும். முன்னால் கழித்தல் குறி இருந்தால் இந்த வழி பொருந்தாது.

செம்பனை_மணியம்: பின்னத்தில் நான் தவறியதை ஒப்புக்கொள்கிறேன் ஐயா. ஆனால் இப்போது விடை தெளிவாகிவிட்டதே; அந்த அணி வெல்ல 47.6 விழுக்காடு வாய்ப்பு. விலை போடுகிறவர்களுக்கு நம்மைவிட அதிகம் தெரியும்.

பழைய_கணக்காசிரியர்: அந்த எண்ணை அப்படியே வாய்ப்பு என்று எடுத்துக்கொள்வதைத்தான் நான் மறுக்கிறேன். மூன்றையும் கூட்டிப் பாருங்கள், 104.8 வருகிறது. ஓர் ஆட்டத்துக்கு மூன்றே முடிவுகள் இருக்கும்போது அவற்றின் வாய்ப்பு நூறைத் தாண்ட முடியாது. தினேஷ் மூன்று முடிவுகளின் மீதும் முறையே 47.62, 29.41, 27.78 வெள்ளி கட்டுகிறார் என்று கொள்வோம். எது நடந்தாலும் அவருக்குத் திரும்புவது 100 வெள்ளி. ஆனால் அவர் கொடுத்ததோ 104.81 வெள்ளி. அந்த 4.81 வெள்ளி விலை போட்டவரின் பங்கு, அது மூன்று எண்களுக்குள்ளும் கலந்திருக்கிறது. ஒவ்வொன்றையும் 104.8 ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 45.4, 28.1, 26.5 என்று நூறுக்குள் அடங்கும்.

ஈப்போ_கணக்கர்: ஐயாவின் கூட்டலை ஏற்கிறேன், கடைசிப் படியை முழுதாக ஏற்க முடியவில்லை. அந்தப் பங்கு மூன்றிலும் ஒரே விகிதத்தில் கலந்திருக்கிறது என்று யார் சொன்னது? குதிரைப் பந்தய விலைகளை ஆராய்ந்தவர்கள், வெல்லும் வாய்ப்புக் குறைந்த குதிரையின் விலையில்தான் கட்டுபவர் கூடுதலாக இழக்கிறார் என்று பலமுறை கண்டிருக்கிறார்கள். பந்தாட்டத்திலும் அப்படியானால் 26.5 இன்னும் இறங்க வேண்டும், 45.4 சற்று ஏற வேண்டும்.

பழைய_கணக்காசிரியர்: 2.10, 3.60 போல அதிகம் விலகாத விலைகளில் அந்த வேறுபாடு சிறியதாகவே இருக்கும் என்பது என் கருத்து. ஒன்று 1.10 ஆகவும் மற்றொன்று 25 ஆகவும் இருக்கும் ஆட்டத்தில் என் வகுத்தலை நானே நம்ப மாட்டேன்.

ஈப்போ_கணக்கர்: எந்த இடத்தில் அது சிறியதாக இருப்பது நின்று பெரியதாகிறது என்று எல்லை சொல்ல முடியுமா ஐயா? என்னால் சொல்ல முடியவில்லை. தம்பி தினேஷுக்கு இன்னொன்று: மலேசியாவில் 1953ஆம் ஆண்டுப் பந்தயச் சட்டம் இருக்கிறது, உரிமம் இல்லாதவரிடம் பந்துக்குக் கட்டுவது குற்றம்.

சிப்புட்_தினேஷ்: நன்றி ஐயா, நன்றி அண்ணே. நண்பரின் கைப்பேசியில் நேற்று பார்த்த இன்னோர் ஆட்டத்தைக் கூட்டிப் பார்த்தேன். 1.50, 4.00, 6.00, மொத்தம் 108.3 வருகிறது. இதில் விலை போட்டவரின் பங்கு முதல் ஆட்டத்தைவிடப் பெரியது என்று புரிந்துகொண்டது சரிதானா?

பழைய_கணக்காசிரியர்: சரி தம்பி. 66.67, 25, 16.67.